பழைய பெட்ரோல் காரில் சிஎன்ஜி கிட்: வாரண்டி யார் பொறுப்பு? என்ஜின் தாங்குமா? பொருத்தும் முன் பார்க்க வேண்டியவை

செகண்ட் ஹேண்டில் பெட்ரோல் கார் வாங்கியாச்சு. மாதக் கடைசியில் பெட்ரோல் பில்லைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. "ஒரு சிஎன்ஜி கிட் போட்டுட்டா பாதி செலவு மிச்சம்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஒரே நாளில் பொருத்திக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன.

செலவு குறைவது உண்மைதான். ஆனால் கிட் பொருத்திய பிறகு என்ஜினில் ஏதாவது நடந்தால் அதற்கு யார் பொறுப்பு என்பதைப் பலரும் கேட்பதில்லை. கார் கம்பெனியும் கிட் கம்பெனியும் கைவிரிக்கும் ஒரு பகுதி என்ஜினுக்குள் இருக்கிறது. அது எது, அது கெடுவதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது, சிலிண்டரிலும் ஆவணங்களிலும் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம்.

எவ்வளவு மிச்சமாகும்? ஒரு கணக்கு

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கோவையில் ஒரு குடும்பம். 2017 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் காரை 62,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் வாங்குகிறது. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டம். கிட், சிலிண்டர், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 65,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 15 என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 6.67 ரூபாய் ஆகிறது. சிஎன்ஜி கிலோ 90 ரூபாய், ஒரு கிலோவுக்கு 20 கிலோமீட்டர் என்றால் 4.50 ரூபாய். ஆக, கிலோமீட்டருக்கு 2.17 ரூபாய் மிச்சம்.

ஆனால் 1,500 கிலோமீட்டரும் காஸில் ஓடாது. வண்டி பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும். என்ஜின் ஓரளவு சூடான பிறகே தானாகக் காஸுக்கு மாறும். சிஎன்ஜி பங்க் இல்லாத ஊருக்குப் போகும்போதும் பெட்ரோல் செலவாகும். பத்தில் ஒரு பங்கு பெட்ரோலில் ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டால் மாதம் சுமார் 2,900 ரூபாய் மிச்சம். போட்ட 65,000 ரூபாய் திரும்பி வர 22 மாதம் ஆகும். ஆர்சி மாற்றம், இன்சூரன்ஸ், ஃபில்டர் செலவு எல்லாம் சேர்த்தால் இரண்டு வருடம். அதற்குள் வண்டி இன்னும் 36,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். மீட்டரில் 98,000 காட்டும்.

மாதம் 800 கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால் கிட் விலை மட்டும் திரும்பி வரவே மூன்றரை வருடம் ஆகும். ஓட்டம் குறைவாக உள்ளவர்கள் இங்கேயே யோசிக்கலாம்.

இந்தக் கணக்கில் என்ஜின் வேலை எதுவும் சேர்க்கப்படவில்லை. நடுவில் என்ஜின் ஹெட்டைக் கழற்றி 25,000 ரூபாய்க்கு ஒரு வேலை வந்துவிட்டால், முதல் எடுக்க இன்னும் ஒன்பது மாதம் ஓட்ட வேண்டும்.

காஸில் ஓடும்போது என்ஜினுக்கு என்ன ஆகிறது?

என்ஜினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலே, காற்றும் எரிபொருளும் உள்ளே வர ஒரு வால்வும், புகை வெளியே போக ஒரு வால்வும் இருக்கும். பல கார்களில் இவை இரண்டிரண்டாக இருக்கும். வால்வு மூடும்போது போய் உட்காரும் உலோக வளையத்துக்குப் பெயர் வால்வு சீட். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை வால்வு இந்த சீட்டில் வந்து தட்டும்.

சாதாரண பெட்ரோல் கார்களில் பெட்ரோல் துளிகளாகத் தெளிக்கப்படுகிறது. அது ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். எரிந்த பிறகு உண்டாகும் மெல்லிய கரிப்படிவு, வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே சின்ன மெத்தை மாதிரி இருக்கும். சிஎன்ஜி முழுக்க வாயுவாகவே உள்ளே போகிறது. அதற்கு இந்தக் குளிர்ச்சி கிடையாது. சுத்தமாக எரிவதால் படிவும் மிகக் குறைவு. உலோகத்தின் மேல் உலோகம் நேரடியாக, அதிக சூட்டில் தட்டுகிறது.

விளைவாக, சீட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வால்வு உள்ளே இறங்குகிறது. இது புகை வால்வில்தான் பெரும்பாலும் நடக்கும். வால்வுக்கு மேலே விடப்பட்டிருக்கும் சிறிய இடைவெளி, அதாவது டேப்பெட் இடைவெளி, அதற்கேற்பக் குறைந்துகொண்டே வரும். அந்த இடைவெளி இல்லாமலே போகும்போது வால்வு முழுதாக மூடாது. எரியும் வாயு அந்தச் சந்தின் வழியே பீறிட்டு வால்வின் விளிம்பைச் சுட்டுவிடும். இந்த நிலைக்கு வந்துவிட்டால் ஹெட்டைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லா என்ஜினுக்கும் இப்படி ஆகுமா? இல்லை. சீட் எந்த உலோகத்தில் செய்யப்பட்டது, வண்டி எப்படி ஓட்டப்படுகிறது, கிட் எப்படி டியூன் செய்யப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. காஸில் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடும் கார்களும் இருக்கின்றன. கம்பெனியே தயாரிக்கும் சிஎன்ஜி கார்களில், காஸுக்கு ஏற்ற வால்வு, சீட், கம்ப்யூட்டர் புரோகிராம் ஆகியவற்றை முன்பே யோசித்து வைக்க வாய்ப்பிருக்கிறது. வெளியே கிட் போடும்போது, பெட்ரோலுக்கென்று செய்த என்ஜின் அப்படியேதான் இருக்கும்.

தேய்மானத்தை வேகப்படுத்துவது, காஸ் தேவையைவிடக் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகும் டியூனிங். "நல்ல மைலேஜ் வரணும்" என்று காஸைக் குறைத்து வைக்கச் சொல்பவர்கள் உண்டு. அதிக வேகத்திலும் மேட்டிலும் இந்தக் கலவை வால்வுகளின் சூட்டை ஏற்றிவிடும். நீண்ட நேரம் ஹைவேயில் வேகமாகப் போகும் வண்டிகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி?

மேலே சொன்ன கோவை உதாரணத்தையே தொடர்வோம். கிட் போட்டு 20,000 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது. மீட்டரில் 82,000. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐடிலில் வண்டி குலுங்குகிறது. பிக்கப்பும் முன்பு மாதிரி இல்லை.

கிட் கடைக்காரர் "டியூனிங்தாங்க" என்று சொல்லி லேப்டாப்பை மாட்டி மாற்றுகிறார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே குலுங்கல். சர்வீஸ் சென்டரில் பிளக்கை மாற்றுகிறார்கள். அப்போதும் போகவில்லை.

இந்த இடத்தில் செய்ய வேண்டிய முதல் சோதனைக்குக் காசே செலவில்லை. டேஷ்போர்டில் உள்ள ஸ்விட்சைப் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

காஸில் மட்டும் குலுங்கி, பெட்ரோலில் சரியாக ஓடினால் கோளாறு பெரும்பாலும் கிட் பக்கம் இருக்கும். காஸ் ஃபில்டர் அடைப்பு, காஸ் இன்ஜெக்டர், டியூனிங் ஆகியவற்றைப் பார்க்கலாம். பிளக்கும் இக்னிஷன் காயிலும் இதில் சேரும். காஸைப் பற்றவைக்கக் கூடுதல் மின்னழுத்தம் தேவை. அதனால் பழைய பிளக் பெட்ரோலில் சமாளித்துவிடும், காஸில் தடுமாறும்.

இரண்டிலும் குலுங்கினால் சந்தேகம் என்ஜின் பக்கம் திரும்ப வேண்டும். அப்போது கேட்க வேண்டியது கம்ப்ரஷன் டெஸ்ட். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு மீட்டரை மாட்டி, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று பார்ப்பார்கள். நம் உதாரணத்தில் மூன்று சிலிண்டர்கள் 12 பார் காட்டுகின்றன, ஒன்று மட்டும் 8 பார். அந்தச் சிலிண்டரின் புகை வால்வு இடைவெளியை அளந்தால், 0.30 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 0.08 தான் இருக்கிறது. சீட் தேய்ந்திருக்கிறது. வால்வு விளிம்பும் சுட்டிருக்கிறது. ஹெட் வேலைதான் ஒரே தீர்வு.

இதே குடும்பம் கிட் போடும் முன்பே ஒரு முறை கம்ப்ரஷனையும் வால்வு இடைவெளியையும் அளந்து எழுதி வைத்திருந்தால்? 10,000 கிலோமீட்டரில் மறுபடி அளந்திருந்தால் 0.30 என்பது 0.20 ஆகக் குறைந்திருப்பது தெரிந்திருக்கும். அப்போதே இடைவெளியைச் சரிசெய்து, காஸ் கலவையையும் திருத்தியிருக்கலாம். ஹெட்டைக் கழற்ற வேண்டிய நிலை வராமல் தடுக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்.

சில என்ஜின்களில் டேப்பெட் இடைவெளியை ஆயில் அழுத்தமே தானாகச் சரிசெய்துகொள்ளும். அவற்றில் அளக்க இடைவெளி இருக்காது. தேய்மானமும் கடைசி வரை வெளியே தெரியாது. அத்தகைய கார்களுக்குக் கம்ப்ரஷன் டெஸ்ட்தான் வழி. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் டர்போ என்ஜின்களுக்குச் சாதாரண கிட் பொருந்தாது. உங்கள் கார் அந்த ரகமா என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாரண்டி: நடுவில் விழும் பகுதி

கிட் போட்ட பழைய காருக்கு மூன்று வாரண்டிகள் இருக்கலாம். ஒன்று, கார் கம்பெனியின் வாரண்டியோ நீட்டிக்கப்பட்ட வாரண்டியோ மீதம் இருப்பது. இரண்டாவது, பழைய கார் விற்பனை நிறுவனம் கொடுக்கும் ஆறு மாதம், ஒரு வருட வாரண்டி. மூன்றாவது, கிட்டுக்குக் கொடுக்கப்படும் வாரண்டி.

கம்பெனி வாரண்டியில், அங்கீகாரம் இல்லாத மாற்றங்களால் வரும் கோளாறுகளை ஏற்க மாட்டோம் என்ற நிபந்தனை பொதுவாக இருக்கும். கிட் போட்டால் எரிபொருள் பாதை, வயரிங், என்ஜின் கம்ப்யூட்டரின் சிக்னல் என மூன்றிலும் கை வைக்கப்படுகிறது. அதன் பிறகு என்ஜின், எரிபொருள், மின்சாரக் கோளாறுகளுக்கு கிளெய்ம் கேட்டால் மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். பழைய கார் நிறுவனங்களின் வாரண்டி தாளிலும் இதே மாதிரி வரி இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

கிட் வாரண்டி என்பது ரெகுலேட்டர், காஸ் இன்ஜெக்டர், காஸ் கம்ப்யூட்டர் போன்ற கிட்டின் பாகங்களுக்குத்தான். கிட் போட்டதால் வால்வு தேய்ந்தது என்றால் அதை அவர்கள் ஏற்பது அபூர்வம். "என்ஜின் ஏற்கெனவே பழசு சார்" என்பார்கள். கிட் போடும் முன் அளந்து வைத்த ஆதாரம் இல்லாவிட்டால் பதில் பேச முடியாது.

ஆக, கோவைக் குடும்பத்தின் 25,000 ரூபாய் ஹெட் வேலை எந்த வாரண்டிக்குள்ளும் வரவில்லை. அதனால்தான் முதல் நாள் எடுத்த கம்ப்ரஷன் அளவு முக்கியம். அதைத் தேதி, கிலோமீட்டரோடு பில்லில் எழுதி வாங்கினால் ஆரோக்கியமான என்ஜினில்தான் கிட் போடப்பட்டது என்பதற்கு அதுவே சான்று. வயரை வெட்டி ஒட்டாமல், கப்ளர் வைத்து இணைக்கும் வயரிங் தருகிறார்களா என்றும் கேட்கலாம். பிற்பாடு கழற்றவும் கோளாறு தேடவும் அது எளிது.

சிலிண்டர்: டிக்கியில் 200 பார் அழுத்தம்

பங்க்கில் சிஎன்ஜி 200 பார் அழுத்தத்தில் நிரப்பப்படுகிறது. கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2 பார்தான். நூறு மடங்கு அழுத்தம் என்பதால் சிலிண்டர் விஷயத்தில் சமரசமே கூடாது.

சிலிண்டர் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். அதன் கழுத்துப் பகுதியில் வரிசை எண், கொள்ளளவு, சோதனைத் தேதி பொறிக்கப்பட்டிருக்கும். கையில் கொடுக்கும் சான்றிதழில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றா என்று கண்ணால் பார்க்க வேண்டும். "விலை கம்மி" என்று பழைய வண்டியில் கழற்றிய சிலிண்டரைத் தருபவர்களிடம் இந்த ஒரு ஒப்பீட்டிலேயே உண்மை வெளியே வந்துவிடும்.

மூன்று வருடத்துக்கு ஒரு முறை சிலிண்டரைக் கழற்றி, தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். இதற்கு ஹைட்ரோ டெஸ்ட் என்று பெயர். தேதி முடிந்த சிலிண்டருக்குப் பங்க்கில் காஸ் நிரப்பக் கூடாது. ஏற்கெனவே கிட் உள்ள பழைய காரை வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தேதியைத்தான்.

டிக்கியில் சிலிண்டர் வால்விலிருந்து கசியும் காஸ் காருக்குள் வராமல் வெளியே போக, வால்வைச் சுற்றி மூடிய உறையும் வெளியே செல்லும் குழாயும் இருக்க வேண்டும். சிஎன்ஜி காற்றைவிட லேசானது. திறந்த வெளியில் கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடும். மூடிய காருக்குள் கசிந்தால் கூரைக்குக் கீழே தங்கும். அந்த உறை கிழிந்திருந்தால் கசிவு நேராக உள்ளே வரும்.

காஸ் வாசனை வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கி, கதவுகளைத் திறந்து வைக்க வேண்டும். பிறகு சிலிண்டரில் உள்ள கை வால்வை மூட வேண்டும். அந்த வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை கிட் வாங்கும் அன்றே கடைக்காரரிடம் செய்து காட்டச் சொல்லுங்கள். காஸ் நிரப்பும்போது காருக்குள் யாரும் உட்காரக் கூடாது. தூங்கும் குழந்தையாக இருந்தாலும் இறக்கிவிட வேண்டும்.

வீட்டு சமையல் சிலிண்டரை வைத்து கார் ஓட்டுவது சட்டவிரோதம். உயிருக்கும் ஆபத்து. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் காரின் தரையிலேயே தேங்கி நிற்கும்.

ஆர்சியில் பெட்ரோல் மட்டும் இருந்தால்?

எரிபொருளை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின் கீழ் வரும் மாற்றம். கிட் அரசு அங்கீகரித்த சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். அந்த ஒப்புதல் உங்கள் காரின் என்ஜின் அளவுக்கும் புகைத் தரத்துக்கும் பொருந்த வேண்டும். பிஎஸ்-6 பெட்ரோல் கார்களில் கிட் பொருத்த மத்திய அரசு 2022-ல் அனுமதி அளித்தது. அதற்காக பிஎஸ்-4 காருக்கு ஒப்புதல் பெற்ற கிட்டை பிஎஸ்-6 காரில் மாட்டிவிட முடியாது.

கிட் போட்ட பிறகு ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சியை மாற்ற வேண்டும். எம்பரிவாகன் செயலியில் எரிபொருள் என்ற இடத்தில் PETROL என்று மட்டும் இருந்தால் மாற்றம் பதிவாகவில்லை என்று அர்த்தம். PETROL/CNG என்று வர வேண்டும். பணம் கட்டும் முன்பே, உங்கள் காருக்கு அந்தக் கிட்டைப் பதிவு செய்வார்களா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது இன்சூரன்ஸ். கிட்டின் மதிப்பைச் சொல்லி பாலிசியில் சேர்க்க வேண்டும். பொதுவாகக் கிட் மதிப்பில் 4 சதவீதமும், மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 60 ரூபாயும் கூடுதல் பிரீமியமாக வரும். 65,000 ரூபாய் கிட்டுக்கு இது வரி தவிர 2,660 ரூபாய். இதை மிச்சப்படுத்த நினைத்துச் சொல்லாமல் விட்டால், விபத்தோ தீயோ நடக்கும்போது கிளெய்ம் குறைக்கப்படலாம், மறுக்கவும்படலாம்.

கிட் போட்ட பிறகு மறக்கும் இரண்டு விஷயங்கள்

முதலாவது, பெட்ரோல் டேங்க். "காஸ்லதானே ஓடுது" என்று டேங்கைக் காலியாக வைத்தே ஓட்டுபவர்கள் அதிகம். பல கிட்களில் காஸில் ஓடும்போதும் டேங்க்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் பம்ப்பைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். பெட்ரோல் இல்லாமல் சுற்றினால் பம்ப் சூடாகிக் கருகிவிடும். அதன் பிறகு ஸ்டார்ட்டே ஆகாது, ஏனென்றால் ஸ்டார்ட் ஆவது பெட்ரோலில்தான். கால் டேங்க் எப்போதும் இருக்கட்டும். தினமும் சில கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டினால் பெட்ரோல் இன்ஜெக்டர்களும் அடைக்காது.

இரண்டாவது, என்ஜின் ஆயில். காஸில் ஓடும் வண்டியில் ஆயில் சீக்கிரம் கறுக்காது. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்து "இன்னும் புதுசாத்தான் இருக்கு" என்று தள்ளிப்போடத் தோன்றும். ஆனால் சூட்டில் ஆயிலின் தன்மை மாறிக்கொண்டேதான் இருக்கும். நிறத்தைப் பார்க்காமல், கார் கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்ற வேண்டும்.

அப்படியென்றால் போடலாமா, வேண்டாமா?

மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம், வாரண்டி ஏற்கெனவே முடிந்த கார், எல்லாச் சிலிண்டரிலும் சமமான கம்ப்ரஷன், பக்கத்தில் சிஎன்ஜி பங்க், இன்னும் மூன்று வருடமாவது அதே காரை வைத்திருக்கும் எண்ணம். இந்த ஐந்தும் இருந்தால் கணக்கு ஒத்துவரும்.

கம்ப்ரஷனில் ஒரு சிலிண்டர் இப்போதே பின்தங்கியிருந்தால் கிட் யோசனையை ஒத்திவைத்து, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வாரண்டி இன்னும் ஒரு வருடம் மீதமிருந்தால் அந்த வருடத்தைப் பெட்ரோலிலேயே ஓட்டிவிடலாம். கம்ப்ரஷன் டெஸ்ட் ஒரு மணி நேர வேலை. கிட் கடைக்குப் போகும் முன்பு, கிட் விற்காத ஒரு மெக்கானிக்கிடம் அதை எடுத்து, அளவுகளைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.